டீயா காபியா வீடியோ: நேரம் சமமாத்தான் குடுத்தேன், ஆனா "ஒருதலைப்பட்சம்"ங்கறாங்க

சென்னிமலை நெசவு எழுதியது (சனி, காலை 7:10)

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரம் எங்கூட்டுத் திண்ணையிலயே ஒரு குட்டிப் பட்டிமன்றம் எடுத்துப் போட்டேன். "டீயா காபியா, எது சிறந்தது?" அப்படின்னு தலைப்பு. டீக்கு எங்க மாமனும் சித்தியும், காபிக்குத் தங்கச்சியும் பெரியப்பாவும். நடுவர் எங்க அப்பாரு. வயசு எழுபத்தெட்டு, பேசுனா ஊரே சிரிக்கும்.

ஆளுக்கு ரெண்டு நிமிசம்னு போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுத்தான் எடுத்தேன். டீ, காபி, டீ, காபின்னு மாறி மாறி விட்டேன். கடைசில அப்பாரு, "ரெண்டும் நல்லதுதான், ஆனா ஒடம்புக்கு மோருதான் நல்லது"ன்னு தீர்ப்பு சொல்லி முடிச்சாரு. எடுக்கும்போது எல்லாரும் உழுந்து உழுந்து சிரிச்சோம்.

ஆனா கீழ வந்த கருத்துல பாதிக்கு மேல, "அப்பாரு காபி கட்சி", "டீக்காரங்களப் பேசவே உடல", "தீர்ப்புல ஏமாத்திப்போட்டீங்க"ன்னுதான் இருக்குது. மாமனும் பாத்துப்போட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. நொடிக் கணக்கா நேரம் பிரிச்சுக் குடுத்தும் எங்க தப்பு பண்ணுனேன்னு புரியல. பாத்துச் சொல்லுங்க.

சேலத்துக்காபி (சனி, காலை 7:42)

இதுல என்னங்க விவாதம்? காபிதான். ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து, அரைச்சு, பித்தளை பில்டர்ல ராத்திரியே டிகாஷன் இறக்கி வெச்சுப் பாருங்க.

சென்னிமலை நெசவு (சனி, காலை 7:50)

அண்ணா, எது நல்லதுன்னு நான் கேக்கலைங்க. வீடியோ ஏன் ஓரஞ்சாஞ்சு தெரியுதுன்னு கேட்டேன்.

சேலத்துக்காபி (சனி, காலை 7:58)

அட, சரி சரி. அதுக்கும் பதில் சுலபம். சம நேரம் குடுத்துட்டீங்கல்ல, அதோட உங்க கடமை முடிஞ்சது. தோத்தவங்க எப்பவும் அப்படித்தான் புலம்புவாங்க. கண்டுக்காதீங்க.

திருப்பூர் கத்திரி (சனி, காலை 10:25)

பன்னண்டு வருசமா கல்யாண வீடியோ வெட்டி ஒட்டறவ நான். பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு நிமிசம் கூட வந்துட்டா மாப்பிள்ளை வீட்டுல என்ன கேப்பாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதனால உங்க வீடியோவை ஒரு நோட்டு வெச்சுக்கிட்டு ரெண்டு தடவை பாத்தேன்.

வெட்டினது போக டீ அணிக்கு 3 நிமிசம் 41 நொடி, காபிக்கு 3 நிமிசம் 52 நொடி. பதினொரு நொடி வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதுவரைக்கும் நீங்க சொல்றது சரி. ஆனா அப்பாரு நடுவுல பேசினதை எண்ணிப் பாருங்க. டீ பேசும்போது அஞ்சு தடவை குறுக்க வந்திருக்காரு, மொத்தம் 38 நொடி. காபிக்கு ஒரே ஒரு தடவை, 6 நொடி. அந்த நேரத்துலயும் உங்க ஸ்டாப்வாட்ச் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. அதைக் கழிச்சா டீக்காரங்க வாயிலிருந்து வந்தது 3:03, காபிக்காரங்க பேசினது 3:46. முழுசா 43 நொடி வித்தியாசம். உங்க மாமா எருமைப்பால் டீயைப் பத்தி ஆரம்பிச்ச கதை முடியறதுக்குள்ள மணி அடிச்சதுக்குக் காரணம் அதுதான்.

அப்பாரு வேணும்னு செஞ்சாருன்னு நான் சொல்லல. உங்க மாமா அடிக்கிற ஜோக்குக்கு அவர் பதில் ஜோக்கு அடிக்கிறாரு, அவ்வளவுதான். சுவாரசியமாப் பேசறவங்களைத்தான் நடுவர் குறுக்க பேசுவாரு. ஆனா அந்தச் சிரிப்புக்கான நேரம் பேச்சாளர் கணக்குல போயிடுது.

அடுத்த தடவை செஸ் விளையாட்டுக் கடிகாரம் மாதிரி வெச்சுக்கங்க. நடுவர் வாயைத் திறந்தா கடிகாரம் நிக்கணும், அவர் முடிச்சதும் ஓடணும். அந்தப் பொத்தானை அமுக்கறதுக்குன்னே ஒரு ஆளை உக்கார வைங்க. படம் புடிக்கிற ஆளே அதையும் பாத்துக்கறேன்னு நின்னா ரெண்டும் கெடும்.

சென்னிமலை நெசவு (சனி, பகல் 12:05)

அக்கா, தலை சுத்துது. 43 நொடியா! நான் அப்பாரு பேச்சைப் பொதுன்னு நெனச்சுட்டேன்.

பல்லடம் பேக்கரி (சனி, பகல் 1:30)

தம்பி, இதெல்லாம் வீட்டுல எடுக்கறதாலதான். நம்ம பேக்கரிக்கு வாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வந்தீங்கன்னா கூட்டமே பார்வையாளர் ஆயிடும். போன வருசம் என் மச்சினன் கடையில ஒரு வீடியோ எடுத்தான். பால் பொங்கற சத்தம், ஆத்தற சத்தம், தேங்காபன்னு வெட்டற சத்தம், எல்லாம் அருமையா வந்துச்சு. பேசினது மட்டும் கேக்கல. ஆனா பாக்க நல்லா இருந்துச்சு.

திருப்பூர் கத்திரி (சனி, பகல் 2:15)

பல்லடம் அண்ணா, பேசினது கேக்காத விவாதத்தை என்னத்தச் சொல்லறது!

ஆனா சத்தம்னு சொன்னதும் ஞாபகம் வருது. நெசவு தம்பி, உங்க தங்கச்சி போனுக்குப் பக்கத்துல, மாமா தூண் ஓரம். கண்ணை மூடிட்டுக் கேட்டுப் பாருங்க. தங்கச்சி காதுகிட்ட பேசற மாதிரியும், மாமா கிணத்துக்குள்ள இருந்து கத்தற மாதிரியும் கேக்குது. தூரத்துக் குரல் சொல்றதை நம்ம மனசு பாதிதான் ஏத்துக்கும். தனி மைக் வாங்கணும்னு இல்ல. ஆளாளுக்கு அவங்கவங்க போன்ல குரல் பதிவைப் போட்டுச் சட்டைப்பையிலயோ மடியிலயோ வெச்சுக்கச் சொல்லுங்க. ஆரம்பிக்கும்போது நடுவுல நின்னு பளீர்னு ஒரு கைதட்டு. எல்லாப் பதிவுலயும் அந்தத் தட்டு ஊசி மாதிரி எந்திரிச்சு நிக்கும், அதை ஒரே கோட்டுல வெச்சா வேலை முடிஞ்சது.

இன்னொண்ணு, சொன்னா கோச்சுக்காதீங்க. மாமா பேசும்போது மூணு தடவை பெரியப்பா நக்கலாச் சிரிக்கிற மூஞ்சியைக் காட்டியிருக்கீங்க. தங்கச்சி பேசும்போது சித்தி தலையாட்டறதைக் காட்டியிருக்கீங்க. அதுல ஒரு தலையாட்டல்ல வெயில் வேற பக்கம் விழுது. அது அந்த நேரத்துல எடுத்தது இல்லதானே?

சென்னிமலை நெசவு (சனி, பகல் 3:02)

மாட்டிக்கிட்டேன். சித்தி தலையாட்டுனது முறுக்கு வேணுமான்னு கேட்டதுக்கு. எடம் நிரப்பப் போட்டேன்.

திருப்பூர் கத்திரி (சனி, பகல் 3:06)

முறுக்குக்கு ஆட்டின தலையைக் காபிக்கு ஆட்டினதாக் காட்டிட்டீங்க! அந்த நொடியில நடந்த முகத்தை மட்டும்தான் வெக்கணும். ரெண்டு பக்கமும் எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும், தன்மையும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் நக்கல் சிரிப்பு வந்தா எதிர்ப் பக்கமும் ஒரு நக்கல் வரட்டும்.

கோபி வாத்தியார் (சனி, மாலை 6:40)

இந்தப் பேச்சு மகிழ்ச்சி தருகிறது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து, ஆண்டுவிழா தோறும் பட்டிமன்றத்துக்கு மணி அடித்தவன் நான். கடிகாரத்தையும் கேமராவையும் அம்மிணி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் அதற்கு முந்தைய தவறுக்கு வருகிறேன். தலைப்பே சாய்ந்திருக்கிறது.

"எது சிறந்தது" என்றால் எதற்குச் சிறந்தது? உங்கள் வீடியோவில் தங்கை ஒறம்பரையைப் பிடித்துக்கொண்டார். ஒறம்பரை வந்தால் நம் பக்கம் "காப்பி வெச்சுத் தாரேன், இருங்க" என்றுதானே சொல்வோம்! அந்த ஒரு வரியில் பாதி ஆட்டம் முடிந்தது. மாமா அதை மறுக்க வேண்டி வந்தது, தன் கட்சியைப் பேசவே இல்லை. மாறாக, "கடைவீதிக்கு ஏற்றது எது" என்று வைத்திருந்தால் மாமா உட்கார்ந்தபடியே ஜெயித்திருப்பார். நல்ல தலைப்பு இரண்டு பேருக்கும் வியர்க்க வைக்க வேண்டும். நானாக இருந்தால் "மழை பிடித்த சாயங்காலம், மணி நாலு, கையில் இருக்க வேண்டியது எது?" என்று வைப்பேன். வீடு, கடை, விருந்து எல்லாவற்றுக்கும் பொதுவான நேரம் அது. யாருக்கும் பரம்பரைச் சொத்து இல்லை.

தலைப்போடு சொல்லையும் கட்டிவிட வேண்டும். என் ஆத்தா தேயிலை போட்டுக் கொதிக்க வைத்ததையும் காப்பித்தண்ணி என்றுதான் சொல்லும். உங்கள் மாமாவும் அதைச் சொல்கிறார். உடனே பெரியப்பா, "பாருங்கள், டீயே காபி பேரில்தான் வாழ்கிறது" என்று தட்டிப் பறிக்கிறார். அவையில் கைதட்டல். அது வாதம் இல்லை, பெயரைக் களவாடுவது. காப்பித்தண்ணி என்ற சொல் இருவருக்கும் பொது என்று நடுவர் தொடக்கத்திலேயே அறிவித்திருக்க வேண்டும்.

அடுத்தது முறை. மாறி மாறி என்பது சமம் போலத் தெரியும். ஆனால் இரண்டு சுற்றிலும் முதலில் பேசியது டீ, கடைசியில் பேசியது காபி. பெரியப்பா சொன்னதற்கெல்லாம் டீ அணிக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. கடைசிக் குரல்தான் தீர்ப்புக்குப் பக்கத்தில் நிற்கும். முதல் சுற்று டீ, காபி. இரண்டாம் சுற்று காபி, டீ என்று திருப்பிவிடுங்கள். யார் தொடங்குவது என்பதைக் கேமரா முன்னால் காசு சுண்டி முடிவு செய்யுங்கள்.

திருப்பூர் கத்திரி (சனி, இரவு 8:11)

அய்யா, திருப்பிப் போட்டா நடுவுல காபிக்காரங்க ரெண்டு பேர் அடுத்தடுத்து வருவாங்க. பாக்கறவங்களுக்கு அது ஒரே ஆள் நாலு நிமிசம் பேசற மாதிரி தோணும். அந்த எடத்துலதான் வீடியோவைத் தள்ளிட்டுப் போவாங்க. நான் மாறி மாறியே விட்டுட்டு, கடைசியில ஆளுக்கு இருபது நொடி மறுமொழி வெப்பேன். அதுல மட்டும் காபி முதல்ல, டீ கடைசில.

கோபி வாத்தியார் (சனி, இரவு 8:50)

இருபது நொடியில் மறுமொழி சொல்ல முடியாது அம்மிணி, பஞ்ச் வசனம்தான் சொல்ல முடியும். நடுவே நடுவர் அரை நிமிடம் பேசி இரண்டையும் பிரித்துவிட்டால் போதுமே.

திருப்பூர் கத்திரி (சனி, இரவு 8:57)

எங்க தொழில்ல இருபது நொடி ஒரு யுகம் அய்யா. ஒத்துக்க மாட்டேன்.

வால்பாறை மழை (ஞாயிறு, காலை 6:20)

எஸ்டேட்டுல பொறந்து வளர்ந்தவ. எங்க பாட்டி இலை கிள்ளின கையோட செத்துப்போச்சு. அதனால இந்த வீடியோவைப் பாத்துக் கொஞ்சம் கோவம்தான் வந்துச்சு.

உங்க மாமா, "காபியை விட டீயிலதான் கேபீன் அதிகம்"னு சொல்றாரு. கீழ உடனே சிவப்பு எழுத்துல "தவறான தகவல்"னு போடறீங்க. சரி. ஆனா பெரியப்பா, "டீ வெள்ளக்காரன் கொண்டாந்தது, காபி நம்ம மண்ணோடது"ன்னு சொல்றாரு. அதுக்கு ஏன் ஒண்ணும் போடல? வால்பாறையில டீத் தோட்டம் போட்டதும் வெள்ளக்காரன்தான், ஏற்காட்டுல காபித் தோட்டம் போட்டதும் வெள்ளக்காரன்தான். காபிச் செடியே ஏமன் நாட்டுல இருந்து பாபா புதன் விதை கொண்டாந்து சிக்மகளூர் பக்கம் மலையில போட்டதாத்தான் சொல்லுவாங்க. ரெண்டுமே ஒறம்பரை. ஒண்ணு முன்னால வந்துச்சு, ஒண்ணு பின்னால வந்துச்சு, அவ்வளவுதான்.

சேலத்துக்காபி (ஞாயிறு, காலை 8:05)

ஏற்காட்டை இழுக்காதீங்க. அது கிடக்கட்டும், கேபீன் விசயத்துல மாமா சொன்னது சரிதான். நானே படிச்சிருக்கேன், தேயிலையில காபிக்கொட்டையை விட கேபீன் அதிகம். காபி கட்சிக்காரன் நானே சொல்றேன், அந்தச் சிவப்பு எழுத்துதான் தப்பு.

வால்பாறை மழை (ஞாயிறு, காலை 8:31)

நீங்க படிச்சது காஞ்ச தூளை எடைக்கு எடை வெச்சுச் சொன்னது. அதுல தேயிலையில எச்சுத்தான். ஆனா ஒரு டம்ளர் டீக்கு ரெண்டு கிராம் தூள் போடுவோம். ஒரு டம்ளர் பில்டர் காபிக்குப் பத்து கிராம் பக்கம் போகும். அதனால டம்ளருக்குள்ள வர்றது காபியிலதான் அதிகம். சிக்கரி எவ்வளவு கலந்திருக்கோ அவ்வளவுக்குக் கொஞ்சம் குறையும், சிக்கரியில கேபீன் கிடையாது. ஆக மாமா சொன்னது பாதி சரி. "தூளுல ஆமாம், டம்ளர்ல இல்ல"ன்னு போட்டிருந்தா சண்டையே வந்திருக்காது.

திருப்பூர் கத்திரி (ஞாயிறு, காலை 9:00)

அருமை. தம்பி, திருத்தம் போட்டா ரெண்டு பக்கமும் சொன்ன எல்லாத்தையும் சரிபாத்துப் போடுங்க, இல்லாட்டி ஒண்ணுக்கும் போடாதீங்க. சிவப்பு வேண்டாம், சிவப்பு திட்டற மாதிரி இருக்கு. அதை விட நல்லது, எதிரணியே பதில் சொல்ல விட்டுடறது. பெரியப்பாவே "தூள் எடையச் சொல்றீங்களா, டம்ளரைச் சொல்றீங்களா?"ன்னு கேட்டிருந்தா எவ்வளவு சுவையா இருந்திருக்கும்!

சென்னிமலை நெசவு (ஞாயிறு, காலை 11:15)

மழை அக்கா, மன்னிச்சுக்கங்க. பெரியப்பா சொன்னதை நானும் உண்மைன்னே நம்பிப்போட்டேன், அதான் போடல. இப்ப தீர்ப்பு ஒண்ணுதான் பாக்கி. மோர் ஏன் எடுபடலைன்னும் சொல்லிடுங்க. எடுக்கும்போது அதுக்குத்தான் எச்சு சிரிப்பு.

கோபி வாத்தியார் (ஞாயிறு, பகல் 12:40)

திண்ணையில் இருந்தவர்களுக்கு அப்பாருவைத் தெரியும், அதனால் சிரித்தார்கள். வீடியோ பார்த்தவர்கள் பன்னிரண்டு நிமிடம் ஒரு வழக்கைக் கேட்டிருக்கிறார்கள். அதில் மோர் என்ற பேச்சே எழவில்லை. வழக்கில் இல்லாத ஆளுக்குச் சொத்தை எழுதி வைத்தால் யார்தான் ஒப்புவார்கள்? விளையாட்டுத் தீர்ப்பும் தீர்ப்புதான். அதில் வரும் வேடிக்கை அணிகள் பேசியதிலிருந்தே முளைக்க வேண்டும்.

நான் பார்த்த நல்ல நடுவர்கள் முதலில் ஒவ்வொரு பக்கத்தின் வலுவான ஒரு வாதத்தை, பேசியவரே மகிழும்படி, அவரை விட நன்றாக எடுத்துச் சொல்வார்கள். தோற்கப் போகிற அணிக்கு அதில் ஒரு சொட்டுக் கூடவே விடுவார்கள். அதன் பிறகு எப்படித் திருப்பினாலும் மனம் நோகாது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் வாதம் செய்கிறவர்களைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லுகிறான், அதே மூச்சில் பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்கிறான். உங்கள் மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாரே, அங்கேதான் உங்கள் தீர்ப்பு தவறியது.

உங்கள் வீடியோவிலேயே ஒரு நல்ல விதை வீணாகக் கிடக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் தங்கை சுக்குக் காப்பியைக் காபிக் கணக்கில் சேர்க்கிறார். அதில் காபித்தூளே கிடையாதே! யாரும் கேட்கவில்லை. அப்பாரு அதைத் தீர்ப்பில் பிடித்திருந்தால் அவை எழுந்து நின்றிருக்கும்.

பல்லடம் பேக்கரி (ஞாயிறு, பகல் 1:10)

எதுக்கு நடுவர்? பாக்கறவங்களையே ஓட்டுப் போட விட்டுட்டா?

சேலத்துக்காபி (ஞாயிறு, பகல் 1:18)

ஆமா, அதுதான் சனநாயகம்.

திருப்பூர் கத்திரி (ஞாயிறு, பகல் 2:00)

டீ குடிக்கிறவங்க டீக்குப் போடுவாங்க, காபி குடிக்கிறவங்க காபிக்குப் போடுவாங்க. பேச்சுக்கு என்ன வேலை? ஓட்டு வெச்சாலும் "எது பிடிக்கும்"னு கேக்காம "யார் நல்லாப் பேசினாங்க"ன்னு கேளுங்க. அதையும் தீர்ப்பு வந்த பிறகு வைங்க.

கோபி வாத்தியார் (ஞாயிறு, பகல் 2:20)

ஓட்டே வேண்டாம் என்பது என் கட்சி.

சென்னிமலை நெசவு (அடுத்த ஞாயிறு, இரவு 9:30)

மறுபடி எடுத்தாச்சுங்க! மாமனைச் சமாதானப்படுத்தறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. வாத்தியார் குடுத்த மழைச் சாயங்காலத் தலைப்பையே வெச்சோம். காசு சுண்டுனதுல காபி முதல்ல வந்துது. முறையில அக்கா சொன்னதும் வேணும், அய்யா சொன்னதும் வேணும்னு கொழப்பிக்கிட்டு, கடைசில திருப்பிப் போடற முறைக்கே போய்ட்டேன். அக்கா சொன்னது சரிதான், நடுவுல டீ ரெண்டும் ஒண்ணா வந்த எடத்துல கொஞ்சம் தொய்யுது. அங்க அப்பாரு அரை நிமிசம் பேசி ஓரளவு காப்பாத்துனாரு.

கடிகாரத்துக்குப் பக்கத்து ஊட்டுப் பையனை உக்கார வெச்சேன். ஆளுக்கு ஒன்றரை நிமிசம், அப்பாரு பேசுனா நிறுத்தம். இந்தத் தடவை அவரு டீக்கு நாலு தடவை, காபிக்கு மூணு தடவை குறுக்க வந்தாரு. ஆனா யாருக்கும் ஒரு நொடி போகல. மாமன் எருமைப்பால் கதையை முழுசாச் சொல்லி முடிச்சாரு. முடிவுதான் அவ்வளவு நல்லா இல்ல, அது வேற விசயம்.

கேபீன் பேச்சு வந்தப்ப பெரியப்பா அந்தத் தூள்-டம்ளர் கேள்வியைக் கேட்டாரு. மாமன் அசரல: "சரிங் மச்சான், அப்ப ஒரு டம்ளர் காபிக்குப் பதிலா ரெண்டு டம்ளர் டீ குடிக்கலாம், எனக்குப் பேச்சுத் தொணைக்கு எச்சு நேரம் கெடைக்கும்"னாரு. எழுதிக் குடுத்து வராது அது.

தீர்ப்பு இதுதான். அப்பாரு முதல்ல சித்தி சொன்னதை எடுத்தாரு: மழையில நனைஞ்சு வர்றவனுக்கு டிகாஷன் எறங்கற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இருக்காது, டீ அஞ்சு நிமிசத்துல வரும். பொறவு தங்கச்சி சொன்னது: மழை நின்னாலும் காபி வாசம் திண்ணையில நிக்கும். ரெண்டையும் சொல்லிப்போட்டு, "நம்மூர்ல எதைக் குடிச்சாலும் காப்பித்தண்ணிங்கறோம், எங்க குடிச்சாலும் டீக்கடைங்கறோம். ஆக வாயில காபி ஜெயிச்சுது, போர்டுல டீ ஜெயிச்சுது. சுக்குக் காப்பியில காபி இல்லைன்னு யாருமே கேக்காததுக்கு ரெண்டு அணியும் சேந்து டம்ளர் கழுவோணும்"னாரு.

இப்ப வந்திருக்கற கருத்துல ஒருத்தரும் நேரத்தைப் பத்திச் சொல்லல. ஆனா ஒரே ஒரு ஆள், "அப்பாரு கையில இருந்தது காபி டம்ளர், நான் பாத்தேன்"னு எழுதியிருக்காரு. அது சுக்குக் காப்பிங்க.

வால்பாறை மழை (அடுத்த ஞாயிறு, இரவு 9:52)

தவரா-டம்ளர்ல குடிச்சா அப்படித்தான் சொல்லுவாங்க. நடுவர் கையில சொம்புதான் குடுத்திருக்கோணும். மத்தபடி சித்தி பேசினது எங்க பாட்டி பேசின மாதிரியே இருந்துச்சு.

சேலத்துக்காபி (அடுத்த ஞாயிறு, இரவு 10:03)

சுக்குக் காப்பியும் காபிதான். பேர்லயே இருக்குது.

பல்லடம் பேக்கரி (அடுத்த ஞாயிறு, இரவு 10:15)

எல்லாம் சரி தம்பி, போர்டுல டீ எங்க ஜெயிச்சுது? எங்க கடை போர்டுல பேக்கரின்னுதான் எழுதியிருக்கு. மேல்முறையீடு உண்டுங்களா?